திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மெமோவும் அது மறுபடி எழுதப்பட்ட விதமும்: புதிய சிஎன்சி லேத் வாங்கும் கோரிக்கை குறித்த நிகழ்வு ஆய்வு

நடுத்தர அளவிலான ஓர் எந்திரப் பாகத் தொழிற்கூடம். அதன் உற்பத்திப் பொறியாளர், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரமான சிஎன்சி லேத் புதியதாக ஒன்று கேட்டு ஆலை மேலாளருக்கு மெமோ எழுதினார். முதல் மெமோ இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஐந்து மாதம் கழித்துப் போன இரண்டாவது மெமோவுக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டும் கேட்டது ஒரே இயந்திரத்தைத்தான். மாறியது கணக்கு மட்டுமே. வாங்கி ஓராண்டு ஆன பிறகு அந்தக் கணக்கு எவ்வளவு பலித்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

தொகைகளை வெளியிட முடியாததால், கம்பி ஊட்டும் பார் ஃபீடருடன் சேர்த்து இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்து, மற்ற எல்லாத் தொகைகளையும் அந்த அளவிலேயே தந்திருக்கிறோம்.

## பின்னணி

பாகம் ஒரு புஷ். 42 மிமீ உருண்டைக் கம்பியிலிருந்து 62 மிமீ நீளத்துக்கு வருவது. இரண்டு பக்கமும் கடைசல் வேலை உண்டு. முதல் லேத்தில் ஒரு பக்கம் முடியும். அதற்கு 110 விநாடி. பிறகு கழற்றி, திருப்பி, இரண்டாவது லேத்தில் பிடித்து மறுபக்கம். அதற்கு 95 விநாடி. கம்பியைத் துண்டு போடும் வேலை வெளியே கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர் கேட்பது மாதம் 9,000. இரண்டு ஷிஃப்டில் தேறிய நல்ல ஜாப், அதாவது செய்து முடித்த பாகம், 7,400. மீதி 1,600 வெளியே ஜாப் வொர்க்கில் செய்து வந்தது.

கேட்ட இயந்திரம் இரட்டை ஸ்பிண்டில் சிஎன்சி லேத். ஸ்பிண்டில் என்பது ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் அச்சு. முன் ஸ்பிண்டில் ஒரு பக்கத்தை முடித்ததும், எதிர் ஸ்பிண்டில் வந்து ஜாப்பை வாங்கிக்கொண்டு மறுபக்கத்தை முடிக்கும். கை படாமல் ஜாப் முழுதாக வெளியே வரும். பார் ஃபீடர் 3 மீட்டர் கம்பியைத் தானே தள்ளிக் கொடுக்கும்.

## முதல் மெமோ

ஒரு பக்கத்தில் அழகாக இருந்தது. நான்கு ஆபரேட்டர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்வார்கள். ஆண்டுக்கு 18 மிச்சம். விற்பனையாளர் தந்த தாளில் முழு ஜாப்புக்கும் 92 விநாடி என்று இருந்தது. மாதம் 375 மணி நேர ஓட்டத்தை அதனால் வகுத்தால் சுமார் 14,670 ஜாப். இந்தக் கூடுதல் உற்பத்தியின் லாபம் ஆண்டுக்கு 36. ஆக மொத்தம் 54. விலை 100. முதலீடு இரண்டே ஆண்டுக்குள் திரும்பிவிடும் என்று மெமோ முடிந்தது.

மேலாளர் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்:

“இந்த இரண்டு பேரும் வேலையை விட்டுப் போகிறார்களா? போகவில்லை என்றால் 18 எங்கே மிச்சம்?”

“9,000-க்கு மேல் செய்வதை யார் வாங்குகிறார்கள்?”

“இயந்திரம் வந்து இறங்கியதும் மறுநாளே ஓடுமா? இறக்கி நிறுத்த, டூலிங் வாங்க, ஆளுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவு எங்கே?”

மூன்றுமே நியாயமான கேள்விகள். முதல் இரண்டும் பெரும்பாலான கொள்முதல் மெமோக்களில் விழும் ஓட்டைகள். மிச்சமாகும் நேரம் பணம் அல்ல. அந்த நேரத்துக்குக் கொடுத்த பணம் நின்றால்தான், அல்லது அந்த நேரத்தில் செய்த பொருள் விற்றால்தான் அது பணம் ஆகும்.

## நான்கு வாரம் அளந்ததில் கண்டது

பொறியாளர் அடுத்த நான்கு வாரம் முதல் லேத்தின் நேரத்தை ஷிஃப்ட் வாரியாகக் குறித்தார். அதிக நேரம் எடுப்பது அந்த லேத் என்பதால், எவ்வளவு ஜாப் வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இரண்டாவது லேத்தை எவ்வளவு வேகமாக்கினாலும் மொத்த எண்ணிக்கை கூடாது.

மாதம் ஓட வேண்டிய 375 மணியில் உலோகம் வெட்டியது 236 மணி மட்டுமே. மீதி 139 மணி போன வழி இது: செட்டிங் மாற்ற 58, முதல் ஜாப்பைத் தர ஆய்வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க 34, டூல் மாற்றி அளவு திருத்த 21, பழுது 15, பிற 11.

இதில் 34 மணிதான் உறுத்தியது. ஆய்வகம் கூடத்தின் மறு கோடியில் இருந்தது. செட்டர் ஜாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய், வரிசையில் வைத்துவிட்டு வருவார். லேத் சும்மா நிற்கும். புதிய இயந்திரம் வந்தாலும் இந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும், அதுவும் விலை கூடிய இயந்திரத்தில்.

ரிஜெக்ஷனும் அளக்கப்பட்டது. 7,720 செய்தால் 320 கழிந்தது, சுமார் 4.1 சதவீதம். அந்த 320-ல் 230 ரன்-அவுட்டால் போனவை. திருப்பிப் பிடிக்கும்போது முதல் பக்கத்தின் மையமும் இரண்டாம் பக்கத்தின் மையமும் ஒன்றாமல் போவதுதான் காரணம். கடினத் தாடைகள் தேய்ந்திருந்தன. தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவே மெல்லிய சுருள் ஒன்று சிக்கினாலும் போதும், டயல் கேஜ் முள் எல்லை தாண்டிவிடும்.

## முடிவு 1: வாங்குவதற்கு முன் உள்ளதைச் சரிசெய்வது

இங்கே பொறியாளர் எடுத்த முடிவு அவருடைய கோரிக்கைக்கே பாதகமானது. செலவில்லாமல் சரிசெய்யக்கூடியதை முதலில் செய்துவிட்டு, எஞ்சும் இழப்பை மட்டும் இயந்திரத்தின் கணக்கில் காட்டுவது என்று முடிவு செய்தார். இன்றைய மோசமான நிலையோடு ஒப்பிட்டால் எந்த இயந்திரமும் லாபமாகத்தான் தெரியும். பழைய இயந்திரத்தை ஒழுங்காக ஓட்டினால் என்ன கிடைக்கும் என்பதோடு ஒப்பிட்டால்தான் புதியதன் உண்மைப் பங்கு தெரியும்.

இரண்டு மாதம் இரண்டு மாற்றங்கள் நடந்தன. முதல் ஜாப் ஆய்வுக்கான கேஜ்களும் அளவுகோல்களும் லேத் பக்கத்திலேயே ஒரு மேசையில் வைக்கப்பட்டன. செட்டரும் ஷிஃப்ட் ஆய்வாளரும் அங்கேயே பார்த்துக் கையெழுத்திட்டார்கள். இரண்டாவது லேத்தில் கடினத் தாடைக்குப் பதில் சாஃப்ட் ஜா என்ற மென்மையான தாடை போட்டு, அந்த லேத்திலேயே ஜாப்பின் அளவுக்குக் குடைந்து எடுத்தார்கள். அப்படிக் குடைந்த தாடையின் மையம் ஸ்பிண்டிலின் மையமாகவே இருக்கும்.

பலன்: நல்ல ஜாப் மாதம் 7,400-லிருந்து 8,040 ஆனது. வெளியே போவது 1,600-லிருந்து 960 ஆகக் குறைந்தது. ரிஜெக்ஷன் 3 சதவீதத்துக்கு வந்தது. இயந்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய சேமிப்பில் ஒரு பகுதி இயந்திரம் வாங்காமலே கிடைத்துவிட்டது. இரண்டாவது மெமோவின் முதல் பத்தியே இதைத்தான் சொன்னது. மேலாளர் அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் மீதியை நம்பிப் படித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

## முடிவு 2: விற்பனையாளரின் 92 விநாடியை ஏற்காதது

பொறியாளர் தங்கள் கம்பி ஆறு எடுத்துக்கொண்டு விற்பனையாளரின் செயல்விளக்கக் கூடத்துக்குப் போனார். அங்கே ஓட்டிப் பார்த்தபோது வந்தது 104 விநாடி. தாளில் இருந்த 92-ல் ஸ்பிண்டில்கள் கைமாறும் நேரமும் ஜாப்பை அறுத்து விடும் நேரமும் முழுதாகச் சேரவில்லை. கம்பி தீர்ந்து புதுக் கம்பி ஏறும் நேரத்தையும் பங்கிட்டுச் சேர்த்து மெமோவில் 112 விநாடி என்று எழுதினார். ஓட்ட நேரம் 375 மணியில் 75 சதவீதம், அதாவது 281 மணி. இப்படிப் பார்த்தால் மாதம் சுமார் 9,040 ஜாப். 1.5 சதவீதம் ரிஜெக்ஷன் போக 8,900. தேவைக்குச் சற்றுக் குறைவு. வைத்துக்கொள்ளப் போகும் ஒரு பழைய லேத் அதை ஈடுகட்டும்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அதுதான் கணக்கைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது. பார் ஃபீடரில் போகும் கம்பியின் கடைசி 180 மிமீ பயன்படாது. ஃபீடரின் பிடிப்பானும் ஸ்பிண்டிலின் கோலெட்டும் பிடிக்க அவ்வளவு நீளம் மிஞ்ச வேண்டும். அறுப்பும் முகப்புக் கழிவும் சேர்த்து ஒரு ஜாப்புக்கு 66 மிமீ கம்பி வேண்டும். துண்டு போட்டால் 3 மீட்டரில் 45 ஜாப் வரும். ஃபீடரில் 42 தான். கம்பிக்கு மூன்று ஜாப் நஷ்டம். சிறியதாகத் தோன்றினாலும், மூலப்பொருள் செலவு 7 சதவீதம் ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். ஸ்கிராப்பாக விற்று வருவதைக் கழித்தாலும் ஆண்டுக்கு 4.

இதற்கு ஒரு வழி மெமோவிலேயே முன்மொழியப்பட்டது. மிஞ்சும் 180 மிமீ துண்டுகளைச் சேர்த்து வைத்து, பழைய லேத்தின் ஸ்பிண்டில் துளைக்குள் விட்டு, தேவையான நீளம் வெளியே இழுத்து இழுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாப் எடுப்பது. அப்போது கம்பிக்கு 44 ஜாப். நஷ்டம் 4-லிருந்து 1 ஆகிறது.

## இரண்டாவது மெமோவின் கணக்கு

முதலீட்டுப் பக்கம்: இயந்திரமும் ஃபீடரும் 100. இறக்கி நிறுத்த, மின்சாரம், காற்றுக் குழாய் 5. இரண்டு ஸ்பிண்டிலுக்கும் கோலெட், டூல் ஹோல்டர் முதலியவை 7. பயிற்சியும் சோதனை ஓட்டத்தில் வீணாகும் பொருளும் 3. மொத்தம் 115. பழைய லேத் ஒன்றை விற்று வரும் 9-ஐக் கழித்தால் 106.

ஆண்டுப் பலன் பக்கம் மெமோவில் இப்படி இருந்தது:

| விவரம் | ஆண்டுக்கு |
|---|---|
| ஜாப் வொர்க் கூலி நிற்பது (உள்ளே ஆகும் டூல், மின் செலவு கழித்து) | +12 |
| கம்பி துண்டு போடும் கூலி நிற்பது | +8 |
| ஓய்வு பெறுபவரின் இடத்துக்குப் புது ஆள் எடுக்காதது | +9 |
| ரிஜெக்ஷன் குறைவது | +2 |
| பராமரிப்பு ஒப்பந்தம் | −3 |
| கம்பி மிச்ச நஷ்டம் (துண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தினால்) | −1 |
| நிகரம் | 27 |

விடுபடும் ஆபரேட்டர்கள் இருவர். ஒருவர் மட்டுமே கணக்கில் வந்தார். அந்த ஆண்டு வேறொரு பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுவதாக இருந்ததால், அந்த இடத்துக்கு இவர் போவார், புது நியமனம் தேவையில்லை. மற்றவர் ஆய்வுப் பிரிவுக்குப் போகிறார். அது நல்லதுதான், ஆனால் சம்பளம் தொடர்கிறது. எனவே மதிப்பு பூஜ்யம் என்று எழுதப்பட்டது. கூடுதல் உற்பத்தியின் லாபம் என்ற வரியே இல்லை.

106-ஐ 27-ஆல் வகுத்தால் முதலீடு திரும்பும் காலம் 3 ஆண்டு 11 மாதம். ஆண்டு வருவாய் விகிதம் சுமார் 25 சதவீதம். நிறுவனத்தின் விதி 4 ஆண்டு. மிச்சத் துண்டுகளைப் பயன்படுத்தாவிட்டால் நிகரம் 24. காலம் 4 ஆண்டு 5 மாதம் ஆகிவிடும். இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் கொடுக்கப்பட்டன. எல்லைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் கணக்கில் சாதகமான எண்ணை மட்டும் காட்டினால் கேள்வி எப்படியும் பின்னால் வரும்.

திரும்பும் காலத்தை மட்டும் பார்த்தால் அதற்குப் பிறகு இயந்திரம் ஓடும் ஆண்டுகள் கணக்கில் வராது. எனவே 8 ஆண்டுப் பயன்பாடு, 12 சதவீத வட்டி வீதம் என்று வைத்து நிகர இன்றைய மதிப்பும் தரப்பட்டது. ஆண்டுக்கு 27 வீதம் 8 ஆண்டுக்கு வருவதன் இன்றைய மதிப்பு 134. முதலீடு 106 போக 28. தேய்மானம் பணமாக வெளியே போவதில்லை என்பதால் அது கழிக்கப்படவில்லை. வரியின் தாக்கத்தைக் கணக்குப் பிரிவு தனியாகச் சேர்த்துக்கொண்டது.

மெமோவின் கடைசிப் பத்திதான் மேலாளரை அதிகம் யோசிக்க வைத்தது. தேவை 20 சதவீதம் குறைந்து மாதம் 7,200 ஆனால் என்ன ஆகும்? சரிசெய்யப்பட்ட பழைய லேத்துகளே 8,040 செய்கின்றன. அப்போது ஜாப் வொர்க்கே இருக்காது. 12 என்ற வரி முழுதாகப் போய்விடும். மற்ற வரிகளும் சுருங்கி நிகரம் 13 ஆகும். திரும்பும் காலம் 8 ஆண்டு. நிகர இன்றைய மதிப்பு 41 நஷ்டம். அதாவது தேவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பலன் பாதியாகிறது. இந்தக் கோரிக்கை நிற்பதும் விழுவதும் ஆர்டரில்தான், இயந்திரத்தின் திறனில் அல்ல.

மூன்றாவது லேத் ஒன்றைப் பழையதாக வாங்குவது என்ற மாற்று யோசனை நான்கு வரியில் முடிந்தது. விலை குறைவு. ஆனால் ஷிஃப்டுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அந்தச் சம்பளமே ஜாப் வொர்க் கூலியை விழுங்கிவிடும்.

மேலாளர் ஒப்புதல் தந்தார், ஒரு நிபந்தனையோடு. வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு ஆண்டுக்கான எழுத்துப்பூர்வத் தேவைப் பட்டியல் வந்த பிறகே கொள்முதல் ஆணை போக வேண்டும். அது வர ஆறு வாரம் ஆனது.

## பிறகு நடந்தது

முதல் மூன்று மாதம் மோசம். கம்பி சுழலும்போது ஃபீடர் குழாயில் அடித்துக்கொண்டது. சத்தம் கூடத்தின் மறுமுனை வரை கேட்டது. ஜாப்பின் மேற்பரப்பில் அலை அலையாக வரி விழுந்தது. நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓட வேண்டியதை 1,500-க்குக் குறைத்துத்தான் ஓட்ட முடிந்தது. ஒரு ஜாப்புக்கு 128 விநாடி ஆனது. ஓட்ட நேரமும் 58 சதவீதத்தில் நின்றது.

காரணம் இரண்டு. துண்டு போட்ட காலத்தில் கம்பி நேராக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. 66 மிமீ துண்டில் வளைவு தெரியாது. 3 மீட்டர் முழுதாகச் சுழலும்போது தெரிந்துவிட்டது. அடுத்து, ஸ்பிண்டில் துளைக்கும் 42 மிமீ கம்பிக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் லைனர் குழாய் ஆர்டரில் விட்டுப்போயிருந்தது. கம்பி உள்ளே ஆடியது. லைனர் வந்தது. கம்பி கொள்முதல் ஆணையில் மீட்டருக்கு 0.5 மிமீக்கு மேல் வளைவு கூடாது என்ற வரி சேர்ந்தது. ஃபீடரில் ஏற்றும் முன் கம்பி முனையைச் சரிவாகச் சீவுவதும் வழக்கமானது. நான்காவது மாதத்திலிருந்து 114 விநாடி, 77 சதவீத ஓட்டம், மாதம் 9,100 ஜாப் என்று நிலைத்தது.

அதற்குள் இன்னொரு தவறு நடந்துவிட்டது. நல்ல விலை கேட்கிறார்கள் என்று ஒரு பழைய லேத்தை இரண்டாவது மாதமே விற்றுவிட்டார்கள். அந்த நல்ல விலையும் பேசி முடிக்கும்போது 9 வரவில்லை, 7 தான் வந்தது. புதியது தடுமாறிய நாட்களில் எஞ்சிய ஒரே லேத் இரண்டு ஷிஃப்டும் ஓடியது. அதற்கு விடுவிக்கப்பட்ட ஆபரேட்டரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஜாப் வொர்க்கும் மாதம் 1,100 வரை தொடர்ந்தது.

## ஓராண்டுக்குப் பின் எண்கள்

முதலீடு 106-க்குப் பதில் 110. லைனரும் சில்லறைப் பொருள்களும் 2, லேத் விற்பனையில் குறைந்தது 2. முதல் ஆண்டுப் பலன் 27-க்குப் பதில் 21. முதல் காலாண்டில் போனது மட்டும் ஐந்துக்கு மேல். கடைசி ஆறு மாத வேகத்தைப் பார்த்தால் ஆண்டுக்கு 26. முழு 27 வராததற்குக் காரணம் மிச்சத் துண்டுகள். பழைய லேத்துக்கு வேறு வேலை வந்துவிட்டால் துண்டுகள் பெட்டியில் குவிந்துவிடுகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்கிராப்பாகவே போகிறது.

இந்த வேகத்தில் முதலீடு திரும்ப 4 ஆண்டு 5 மாதம் ஆகும். நிறுவன விதியைத் தாண்டுகிறது. ரிஜெக்ஷன் மட்டும் மெமோ சொன்னதைவிடச் சிறப்பாக, 1.1 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வரியே 2 தான் என்பதால் மொத்தத்தை நகர்த்தவில்லை.

## இனி எழுதும் மெமோக்களில் மாற்றியவை

முதல் ஆண்டுப் பலனை முழு ஆண்டாக எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் நிலைகொள்ள மூன்று மாதம் என்று வைத்து, அந்தக் காலாண்டின் பலன் பூஜ்யம் என்றே கணக்குப் போடுகிறார்கள். இந்த மெமோவில் அப்படிச் செய்திருந்தால் 106-க்குத் திரும்பும் காலம் 4 ஆண்டு 2 மாதம் என்று வந்திருக்கும். விதியின் எல்லையை முன்கூட்டியே தாண்டியிருக்கும். விதிவிலக்கு கேட்டு எழுத வேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு வேலையை நம்பி நிற்கும் சேமிப்புக்கு எதிரே அந்த வேலையைச் செய்ய வேண்டியவரின் பொறுப்பும் மணி நேரமும் எழுத வேண்டும். மிச்சத் துண்டுகளுக்கு அது எழுதப்படவில்லை. மாதம் சுமார் 210 கம்பி, அதில் சுமார் 420 ஜாப். பழைய லேத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஜாப்புக்கு 205 விநாடி. மாதம் 24 மணி. அந்த 24 மணியை யாரும் ஒதுக்கவில்லை.

பழைய இயந்திரத்தை விற்கும் தேதி இப்போது மெமோவிலேயே இருக்கிறது: புதியது தொடர்ந்து இரண்டு மாதம் திட்டமிட்ட எண்ணிக்கையைத் தொட்ட பிறகு. இயந்திரத்தோடு சேர்த்து மூலப்பொருளின் விவரக்குறிப்பும் மாறுகிறதா என்ற கேள்வியைக் கொள்முதல் பிரிவிடம் கையெழுத்தோடு பெற வேண்டும் என்பது கடைசியாகச் சேர்ந்த வரி.